டியூ குறைவு, கடைசியில் ஒரு பெருந்தொகை: பலூன் கடன் எப்படி வேலை செய்கிறது?

போன ஆடியில் என் மாமா மகன் சட்டைப்பையில் ஒரு தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு வந்தான். குமுளியில் குடியிருக்கிறான். கம்பத்தில் காய்கறி ஏற்றி, மலையேறி வண்டன்மேடு, கட்டப்பனை பக்கத்துக் கடைகளுக்குப் போடுவது அவன் தொழில். இத்தனை வருஷமும் வாடகை பிக்கப்தான். இப்போது சொந்தமாக ஒன்று எடுக்கப் போகிறான்.

"மச்சான், டியூ பதினாலாயிரம்கூட வரல. மத்த இடத்துல எல்லாம் பதினேழுன்னு நிக்கிறாங்க. இவங்ககிட்ட போட்டுரலாமா?"

தாளை விரித்துப் பார்த்தேன். கடன் 8,00,000 ரூபாய். வட்டி வருஷத்துக்கு 10%, மிச்சமிருக்கும் அசல் மேல். 60 மாதம். மாதத் தவணை 13,898. எல்லாம் சரி. அடியில் ஒரு வரி: 60-வது தவணையோடு 2,40,000 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். அவன் அதைப் பார்க்காமல் இல்லை. "அது அஞ்சு வருஷம் கழிச்சுத்தானே" என்று தள்ளி வைத்திருந்தான்.

இதற்குத்தான் பலூன் கடன் என்று பெயர். தவணைகள் எல்லாம் ஒல்லியாக வந்து கடைசியில் ஒன்று மட்டும் ஊதிப் பெருத்து நிற்பதால் அந்தப் பெயர். கம்பத்தில் மாதத் தவணையை டியூ என்பார்கள், மேலே ஏறினால் மலையாள டிரைவர்கள் சிசி என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான். அவனுக்கு அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சாதாரணக் கடன் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். அதே 8 லட்சம், அதே 10%, அதே 60 மாதம் என்றால் தவணை 16,998 ரூபாய். முதல் மாதம் 8 லட்சத்துக்கு வட்டி 6,667. தவணையில் அது போக மீதி 10,331 ரூபாய் அசலில் கழிகிறது. அடுத்த மாதம் அசல் கொஞ்சம் குறைந்திருப்பதால் வட்டியும் கொஞ்சம் குறையும், அசலில் கழிவது கொஞ்சம் கூடும். இப்படியே போய் 60-வது தவணையில் அசல் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

பலூன் கடனில் இதே 8 லட்சத்தை மனசுக்குள் இரண்டு மூட்டையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை 5,60,000. இது சாதாரணக் கடன் மாதிரியே மாதாமாதம் கரைகிறது. இதற்கான தவணை 11,898. இன்னொரு மூட்டை 2,40,000. இதை யாரும் தொடுவதில்லை. ஐந்து வருஷமும் அப்படியே கிடக்கிறது. ஆனால் கிடப்பதற்கு வாடகை உண்டு: 10% கணக்கில் மாதம் 2,000 ரூபாய் வட்டி. 11,898-ஐயும் 2,000-ஐயும் கூட்டுங்கள், 13,898. அந்தத் தாளில் இருந்த தொகை வந்துவிட்டது.

பலூன் கடன் என்பது இவ்வளவுதான். குறைந்த டியூ என்பது தள்ளுபடி இல்லை. கடனில் ஒரு பகுதியை அடைக்காமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு போகிறீர்கள். நகையை அடகு வைத்து, வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோமே, அந்தச் சங்கதிதான் இந்த 2,40,000. ஒரே வித்தியாசம், இங்கே அந்த மூட்டை தவணைக்குள் ஒளிந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை.

இப்போது மொத்தத்தைப் பார்த்தால்: சாதாரணக் கடனில் 60 மாதமும் சேர்ந்து கட்டுவது 10,19,880. பலூன் கடனில் தவணைகள் 8,33,880, கடைசித் தொகை 2,40,000, ஆக 10,73,880. மாதம் 3,100 ரூபாய் மிச்சமானது போலத் தெரிந்ததற்கு விலை 54,000 ரூபாய். வட்டி விகிதம் இரண்டிலும் ஒன்றேதான். அசல் மெதுவாகக் குறைவதால்தான் இந்தக் கூடுதல்.

போனிலோ கம்ப்யூட்டரிலோ எக்செல் மாதிரி ஒன்று இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். முதல் வரி சாதாரணக் கடன், இரண்டாவது பலூன்:

```
=PMT(10%/12,60,-800000,0)
=PMT(10%/12,60,-800000,240000)
```

கடைசியில் உள்ள எண்தான் பலூன் தொகை. உங்களுக்குச் சொன்ன டியூவும் இதில் வரும் டியூவும் பத்து இருபது ரூபாய்க்கு மேல் வித்தியாசப்பட்டால், சொன்ன வட்டி வேறு, போட்ட வட்டி வேறு என்று அர்த்தம். "ஃப்ளாட் ரேட்" என்று, அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே வட்டி போட்டு, வட்டி விகிதத்தைச் சின்னதாகக் காட்டும் வித்தையும் இதில் உடனே பிடிபட்டுவிடும்.

மாமா மகன் கெட்டிக்காரன். கணக்கைக் கேட்டதும், "அப்ப மாசம் மிச்சமாகுற மூவாயிரத்து நூறைப் போஸ்டாபீஸ்ல ஆர்.டி. போட்டுருவேன். அஞ்சு வருஷத்துல அதை எடுத்துக் கட்டிருவேன்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அஞ்சலக ஆர்.டி.யும் சரியாக 60 மாதம்தான். ஆனால் அதற்கு 6.7% வட்டி என்று வைத்தால், மாதம் 3,100 போட்டு வருவது சுமார் 2,21,000. இன்னும் 19,000 குறைகிறது. மாதம் 3,370 போட்டால்தான் 2,40,000-ஐத் தொடும். 10% வட்டிக்குக் கடனை நிறுத்தி வைத்துவிட்டு 6.7% வட்டிக்குச் சேர்த்தால் வேறு எப்படி வரும்? அந்த 3,370-ஐயும் ஒரு மாதம்கூட விடாமல் போடுவதாக இருந்தால், சாதாரணக் கடனின் டியூவையே கட்டியிருக்கலாமே. அதைவிட 270 ரூபாய் கூடுதலாக அல்லவா கையை விட்டுப் போகிறது.

சரி, சேர்க்கவில்லை என்றால் 60-வது மாதம் என்ன வழி? மூன்று வழி சொல்வார்கள். கையிலிருந்து கட்டுவது, அந்தத் தொகைக்கே புதுக்கடன் போடுவது, வண்டியை விற்று அடைப்பது.

புதுக்கடன் வழியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது உங்கள் வண்டி ஐந்து வருஷப் பழைய வண்டி. பழைய வண்டிக் கடனுக்கு வட்டி கூடுதல். 14% என்று வைத்துக்கொண்டால், 2,40,000-ஐ இரண்டு வருஷத்தில் அடைக்க மாதம் 11,523 ரூபாய் வரும். இதில் வட்டி மட்டும் இன்னொரு 36,500. கடன் கிடைக்கும் என்று இன்றைக்கு யாரும் எழுதிக் கொடுக்கப் போவதும் இல்லை. "அப்ப பாத்துக்கலாம் சார், கஸ்டமர் நல்லவரா இருந்தா ரீஃபைனான்ஸ் பண்ணிருவோம்" என்று வாயால் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விற்கும் வழிதான் எங்கள் எல்லைப் பக்கத்தில் அதிகம் பேசப்படுவது. அதில்தான் சிக்கலும் அதிகம். அவன் வண்டி வண்டிப்பெரியாறு ஆபீசில் பதிவாகும், கேஎல் 37. வாங்க வருகிறவர் பெரும்பாலும் கீழே கம்பம், உத்தமபாளையம், தேனிக்காரராக இருப்பார். அவருக்கு அது டிஎன் 60 ஆக மாற வேண்டும். அதற்கு வண்டிப்பெரியாறு ஆபீஸ் என்ஓசி தர வேண்டும். அது ஃபாரம் 28. கடன் நிலுவையில் இருக்கும் வண்டிக்கு ஃபைனான்ஸ்காரர் சம்மதம் இல்லாமல் அது நகராது. ஆர்சியில் இருக்கும் எச்பி-யை, அதாவது வண்டி கடனில் இருக்கிறது என்ற பதிவை, எடுக்க ஃபாரம் 35-ல் அவர் கையெழுத்தும் வேண்டும். அவர் பணம் முழுசாக வராமல் கையெழுத்துப் போடமாட்டார். வாங்குகிறவரோ பேப்பர் சுத்தமாகாமல் பணம் தரமாட்டார். 2,40,000 ரூபாய் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கும். விற்கிறவர் கையில் அந்தத் தொகை இருந்தால் அவர் பலூனுக்காக வண்டியை விற்கவே வேண்டாமே!

இதற்கு ஒரு வழக்கமான தீர்வு உண்டு. ஃபைனான்ஸ்காரரிடம் எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று எழுத்தில் வாங்குவது. வாங்குகிறவர் அந்தத் தொகையை உங்கள் கையில் தராமல் நேராகக் கடன் கணக்கிலேயே கட்டுவது. என்ஓசி வந்த பிறகு மீதி விலையை உங்களுக்குத் தருவது. நடக்கும், ஆனால் நேரம் பிடிக்கும். ஆகவே 58-வது மாதம் விலை பேசத் தொடங்கினால் தாமதம். ஐந்தாறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். மறுபுறத்து வரியும் மறுபதிவுச் செலவும் தன் தலையில் விழும் என்று வாங்குகிறவர் அதை விலையில் குறைப்பார். அந்தக் குறைப்பையும் கணக்கில் வையுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று, "டியூ மாத்திவிடுறது". ஃபைனான்ஸ்காரருக்குத் தெரியாமல், கைமேல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, மீதி டியூவை நீ கட்டிக்கொள் என்று வண்டியைக் கொடுத்துவிடுவது. சாதாரணக் கடனிலேயே இது ஆபத்து. பலூன் கடனில் இன்னும் கெடுதல். வாங்கியவர் 59 மாதம் வரை ஒழுங்காகக் கட்டிவிட்டு, கடைசி மாதம் காணாமல் போக அவருக்கு 2,40,000 காரணங்கள் இருக்கின்றன. கடன் உங்கள் பெயரில், வண்டி எங்கோ. எங்கள் தெருவில் ஒருவருக்கு இது நடந்தது. வண்டி செக்போஸ்ட் தாண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. சிபில் போனது போக, வாராவாரம் வீட்டுக்கு ஆள் வந்தது.

நடுவில் வண்டிக்கு ஏதாவது ஆனால்? அதையும் பார்த்துவிடலாம். 36 மாதம் கட்டிய பிறகு சாதாரணக் கடனில் மிச்சமிருக்கும் அசல் சுமார் 3,68,000. பலூனில் சுமார் 4,98,000. மலைப்பாதையில் ஓடும் வண்டி. முழுச் சேதமானால் இன்சூரன்ஸ் தருவது ஐடிவி தொகை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு. மூன்று வருஷம் தாண்டிய வண்டிக்கு, கம்பெனி விலையில் 40% கழித்து அதைப் போடுவார்கள். 8,80,000 ரூபாய் வண்டி என்றால் 5,28,000. அதில் முதலில் ஃபைனான்ஸ்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். சாதாரணக் கடன் வாங்கியவருக்கு 1,60,000 ரூபாய் அளவுக்கு மிஞ்சும், அடுத்த வண்டிக்கு முன்பணமாகும். பலூன் வாங்கியவருக்கு மிஞ்சுவது 30,000.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரை மாட்டிவிடுவது. டியூ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு தொகை எழுதியிருக்கும். அது 20,000 என்றால் கடைசித் தவணை அந்த வழியில் போகவே போகாது, நீங்கள்தான் போய்க் கட்ட வேண்டும். பெரிய தொகை எழுதியிருந்தால், அந்த நாளில் 2,53,898 ரூபாயை எடுக்கப் பார்க்கும், கணக்கில் இல்லாவிட்டால் பவுன்ஸ். முன்கூட்டியே பலூனுக்கு என்று செக் வாங்கி வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பணமில்லாமல் திரும்பும் செக் கோர்ட் வரைக்கும் இழுக்கும்.

இனி தேதிக்கு வருவோம். மாமா மகன் ஏன் ஆடியில் வண்டி எடுக்க வந்தான்? ஆடித் தள்ளுபடி. ஷோரூமில் இருபதாயிரம் குறைக்கிறார்கள். ஆடியில் கடன் போட்டால் முதல் டியூ ஆவணியில், 60-வது டியூ ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் ஆடியில். குமுளியில் ஆடி என்றால் கர்க்கடகம். மழை விடாது, மலையில் கடைகளில் வியாபாரம் மந்தம், ஓணத்து லோடு இன்னும் தொடங்கியிருக்காது. வருஷத்திலேயே அவன் கையில் காசு இல்லாத மாதம் எதுவோ, அந்த மாதத்தில் போய் 2,40,000 நிற்கிறது. இதை அவனிடம் சொன்னபோதுதான் தாளை முதல் தடவையாகக் கீழே வைத்தான்.

பலூன் கடன் யாருக்குமே ஆகாது என்று சொல்ல வரவில்லை. எங்கள் கடைக்கு வரும் ஏலக்காய்க்காரர் ஒருவர் இப்படி ஜீப் எடுத்தார். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. காய் எடுத்து, போடியிலோ புற்றடியிலோ ஏலத்துக்குப் போனால் ஒரே தடவையில் தொகை வரும். கடைசித் தவணையை அறுப்பு மாதத்தில் விழும்படி கேட்டு வாங்கினார். மாதாமாதம் குறைவாக, வருமானம் வரும் மாதத்தில் மொத்தமாக. அவர் வருமானத்தின் வடிவமே பலூன் மாதிரிதான். தினமும் லோடு ஏற்றி தினமும் காசு பார்க்கிறவனுக்கு அந்த வடிவம் இல்லை. கடைசித் தொகை எங்கிருந்து, எந்த மாதம் வரும் என்று இன்றைக்கே ஒரு பதில் சொல்ல முடிந்தால் எடுக்கலாம். "எப்படியாவது வரும்" என்பது என் கணக்கில் பதில் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். சில கார் திட்டங்களில் கடைசியில் வண்டியையே திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசித் தொகையைக் கட்டாமல் விலகலாம் என்று இருக்கும். அதற்கு ஓடிய கிலோமீட்டர், வண்டியின் நிலை என்று நிபந்தனைகள் இருக்கும், ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுதியிருக்கும். வெறும் பலூன் கடனில் அந்த வசதி இல்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் கடன் முடிந்தது என்று நினைத்தால், அதை அவர்கள் ஏலம் விட்டுக் குறையும் தொகையை உங்களிடம்தான் கேட்பார்கள்.

அப்புறம் அவனுக்கு என்ன செய்தோம்? டியூவைக் குறைக்க வேண்டும் என்றால் பலூன் ஒன்றுதான் வழியா என்று பார்த்தோம். அதே 8 லட்சம், 10%, ஆனால் 72 மாதம், பலூன் இல்லாமல். தவணை 14,821. பலூன் டியூவைவிட மாதம் 923 ரூபாய் கூடுதல். மொத்த வட்டி 2,67,000, பலூனில் 2,74,000. ஒரு வருஷம் கூடுதலாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். கடைசி மாதம் அவன் கட்டப்போவதும் அதே 14,821.

மறுநாள் அவனோடு நானும் கம்பம் இறங்கினேன். ஃபைனான்ஸ்காரரிடம் இரண்டு திட்டத்துக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் கேட்டோம். 2024 அக்டோபரிலிருந்து வங்கியோ ஃபைனான்ஸ் கம்பெனியோ கடன் கொடுக்கும் முன் இதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மொத்தச் செலவைச் சேர்த்த வருட விகிதமும், தவணை அட்டவணையும் அதில் இருக்கும். பையன் ஒருவன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். நம்ம ஆள் முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அட்டவணையின் கடைசிப் பக்கத்துக்குப் போய், கடைசிக்கு முந்தின தவணைக்கு நேரே "மீதி அசல்" என்ற கட்டத்தில் விரலை வைத்தான். 72 மாதத் தாளில் அங்கே பதினாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. இன்னொன்றில் இரண்டரை லட்சம்.

"இந்தத் தாள் வேண்டாம்ணே, மத்ததுல போடுங்க" என்று இரண்டரை லட்சத் தாளைத் திருப்பி நீட்டினான்.